கோட்டுக்கு மேலே போன பிள்ளை

வன்னியில் ஒரு பிள்ளை வயதுக்கு மீறி உயர்ந்தால் யாரும் அதை நோயென்று நினைப்பதில்லை. குடும்பநல மாது பிள்ளையை நிறுத்து, அளந்து, புத்தகத்தில் புள்ளி வைக்கும்போது எல்லோருடைய கண்ணும் கீழ்க்கோட்டில்தான் இருக்கும். புள்ளி கீழே இறங்கினால் திரிபோஷா, பூச்சிக் குளிசை, முட்டை குடுங்கோ என்ற புத்திமதி. மேலே ஏறினால் "நல்லாச் சாப்பிடுறான் போல" என்று சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். பட்டினியும் இடப்பெயர்வும் கண்ட ஊரில் கண் அப்படித்தான் பழகும். நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள். என் கண்ணும் நெடுநாளாக அப்படித்தான் இருந்தது.

இந்தக் கட்டுரை மேல்கோட்டையும் தாண்டிப் போன ஒரு பெடியனைப் பற்றியது. அபி என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஊர், அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தகப்பன் வயல் செய்கிறார், முத்தையன்கட்டுப் பக்கம். தாயும் தகப்பனும் சொந்த மச்சான் மச்சாள்.

அபிக்கு அப்போது ஆறு வயதும் இரண்டு மாதமும். தரம் ஒன்று. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வந்த சுகாதார வைத்திய அதிகாரிதான் அவனை எங்களிடம் அனுப்பினார். கடிதத்தில் இரண்டே வரி: உயரம் வயதுக்கு மிக அதிகம், முகத்தில் பரு. தாயும் அம்மம்மாவும் கூட்டி வந்திருந்தார்கள். ஏன் அனுப்பினார்கள் என்றே அம்மம்மாவுக்கு விளங்கவில்லை.

"இவன்ர தாத்தா ஆறடி, பிள்ளை. அவரைப் போலத்தான் வாறான். அதுக்கேன் பெரியாஸ்பத்திரி?"

தாய் ஒன்றும் பேசவில்லை. அம்மம்மாவை வெளியே இருத்திவிட்டுக் கேட்டபோதுதான் மெல்லச் சொன்னார். ஒரு வருசத்துக்கு மேலாக அவனுடைய சட்டையில் பெரிய ஆம்பிளையின் வியர்வை மணம். குளிக்க வார்க்கும்போது கீழே முடி தெரிகிறது. உறுப்பும் பெரிதாக இருக்கிறது. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அவனைத் தானே குளிக்கப் பழக்கிவிட்டிருந்தார்.

உயரம் 131 சென்ரிமீற்றர். அந்த வயதுப் பெடியனின் நடுக்கோடு 117 அளவில் இருக்கும். 131 என்பது ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம். முன்பள்ளியில் அளந்த கணக்கைப் புத்தகத்தில் தேடி எடுத்தோம். கடைசி ஒரு வருசத்தில் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தான். அந்த வயதில் ஒரு பிள்ளை வருசத்துக்கு ஐந்து, ஆறு சென்ரிமீற்றர்தான் வளரும்.

அடுத்ததாகப் பார்த்தது விதைகளை. இதை அளக்க ஒரு கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகள் இருக்கின்றன, 1 மில்லிலீற்றரில் இருந்து 25 வரை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிராடர் என்ற குழந்தை வைத்தியரின் கண்டுபிடிப்பு. ஒரு கையில் மணி, மறு கையில் விதை. தடவிப் பார்த்தே அளவு சொல்லலாம். 4 மில்லிலீற்றர் வந்துவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. அபிக்கு இரண்டு பக்கமும் 2. அதாவது சின்னப்பிள்ளையின் விதை. முடியும் பருவும் பெரிய உறுப்பும் இருக்கிறது, ஆனால் விதை தூங்குகிறது. அப்படியென்றால் அந்த ஆண் ஓமோன் விதையிலிருந்து வரவில்லை. வேறெங்கோ இருந்து வருகிறது. அந்த வேறெங்கோ பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போலக் குந்தியிருக்கும் அதிரீனல் சுரப்பிதான்.

இரத்தத்தில், அந்தச் சுரப்பி ஓமோன் செய்யும் வழியில் நடுவே உண்டாகிற 17-ஹைட்ரொக்சி புரோஜெஸ்டரோன் பல மடங்கு கூடியிருந்தது. நோய் உறுதி. இங்கிலீசில் பெயர் நீளம் என்பதால் வார்டில் சீ.ஏ.எச். என்று சொல்லிவிட்டுப் போவோம். தமிழில் சொன்னால், அதிரீனல் சுரப்பி பிறவியிலேயே வீங்கி வளரும் நோய். இந்தச் சுரப்பி கொலஸ்ரோலை எடுத்துப் படிப்படியாக மாற்றி மூன்று வகை ஓமோன் செய்கிறது: உடம்பு நோயையும் அதிர்ச்சியையும் தாங்குவதற்குக் கோர்ட்டிசோல், உப்பைப் பிடித்து வைக்க அல்டொஸ்ரெரோன், கொஞ்சம் ஆண் ஓமோன். முதல் இரண்டையும் செய்ய 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதியம் வேண்டும். ஆண் ஓமோனுக்கு அது வேண்டாம். இந்த நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறைபாடு இந்த ஒரு நொதியத்தில்தான்.

கோர்ட்டிசோல் போதவில்லை என்று மூளை அறிந்ததும் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பி ஏ.சி.ரீ.எச். என்ற கட்டளையைக் கூட்டிக்கொண்டே போகிறது. சுரப்பி அடிவாங்கின மாடு மாதிரி உழைத்து வீங்குகிறது. செய்த சாமான் எல்லாம் அடைத்த வழியில் தேங்கி, திறந்திருக்கும் ஒரே வழியால், ஆண் ஓமோன் பக்கமாக ஓடுகிறது. அபிக்கு நொதியம் முற்றாக இல்லாமல் போகவில்லை. உப்பைப் பிடிக்கப் போதுமான அளவு மிச்சம் இருந்தது. அதனால்தான் ஆறு வயது வரை உயிரோடு இருந்து எங்களிடம் வந்தான். நொதியம் அறவே இல்லாத ஆண் குழந்தைகள் பிறந்து இரண்டாம் மூன்றாம் கிழமையில் பால் குடிக்காமல், சத்தி எடுத்து, உப்புக் குறைந்து, பொட்டாசியம் ஏறி வருவார்கள். சிலர் வரவும் மாட்டார்கள். பெண் குழந்தைக்குப் பிறப்பிலேயே உறுப்பில் வித்தியாசம் தெரிவதால் யாராவது கவனிப்பார்கள். ஆண் குழந்தையின் தோற்றத்தில் எதுவும் காட்டிக்கொடுக்காது. அது தனிக் கதை. இங்கே உயரத்தோடு நிற்கிறேன்.

வெளியே அம்மம்மா காத்திருக்கிறார். ஆறு வயதில் ஒன்பது வயது உயரம் இருக்கிறவன் பெரியவனானால் எவ்வளவு உயரமாக வருவான்? அவருடைய கணக்கை நான் கடதாசியில் போட்டுப் பார்த்தேன். சாதாரணமாக ஆறு வயதில் ஒரு பெடியன் தன் முழு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டிருப்பான், 66 வீதம் அளவில். 131ஐ அப்படிப் பெருக்கினால் 198 சென்ரிமீற்றர், ஆறரை அடி. தாத்தாவையும் மிஞ்சிவிடுவான்.

அதற்குப் பிறகுதான் இடது கையின் எக்ஸ்ரே வந்தது.

எலும்பின் வயதைப் பார்க்க இடது கையும் மணிக்கட்டும் போதும். 1950களில் திருத்தி வெளியிட்ட கிரூலிக், பைல் என்ற இருவரின் படப்புத்தகத்தை உலகம் முழுக்க இன்றும் பாவிக்கிறார்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளைகளை எடுத்த படங்கள் அவை. வன்னிப் பிள்ளைக்கு அந்தப் புத்தகமா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து வருச வித்தியாசத்தை அது மறைக்காது.

ஆறு வயதுப் பெடியனின் மணிக்கட்டுப் படத்தில் சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விட்டுக் கிடக்கும். விரல் எலும்புகளின் அடிமுனையில் உள்ள தொப்பி எலும்பு தண்டை விட ஒடுக்கமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அது வெறும் இடைவெளி அல்ல. எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு. அதைத்தான் வளர்ச்சித்தட்டு என்கிறோம். உயரம் உண்டாவதே அங்கேதான்.

அபியின் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது மணிக்கட்டின் எட்டாவது எலும்பும் வந்திருந்தது. பட்டாணி அளவான அந்த எலும்பு பெடியன்களுக்குப் பத்து வயதையொட்டித்தான் தலைகாட்டும். தொப்பிகள் தண்டின் அகலத்தை எட்டி மூடத் தொடங்கியிருந்தன. கறுப்புக் கோடு இருந்தது, ஆனால் மெலிந்து. எங்கள் கணிப்பு பதினொன்றரை வயது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பதினொன்றரை வயது எலும்புள்ள ஒரு பெடியன் தன் முழு உயரத்தில் ஏறக்குறைய 82 வீதத்தை முடித்துவிட்டான். 131ஐ 82 வீதமாக எடுத்தால் முழு உயரம் 160. தகப்பன் 170, தாய் 157. இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளை என்பதால் 13ஐச் சேர்த்து, பாதியாக்கினால் 170 வரும். அந்தக் குடும்பத்துப் பெடியன் ஒருவன் வளர்ந்து நிற்க வேண்டிய இடம் அது. அதே பிள்ளை, அதே 131. பிறந்த நாளை வைத்துப் போட்டால் 198, எலும்பை வைத்துப் போட்டால் 160. பிறந்த நாள் வளர்ச்சித்தட்டுக்குத் தெரியாது.

தாய்க்கும் தகப்பனுக்கும் இதை விளங்கப்படுத்த நான் குளத்தைத்தான் எடுத்தேன். இரணைமடுவில் துருசை முழுக்கத் திறந்துவிட்டால் முதல் மாதம் வயலெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும், கதிர் பால் பிடிக்கிற நேரம் வாய்க்காலில் தண்ணீர் இராது. தகப்பன் உடனே தலையாட்டினார். "அப்ப மிச்சத் தண்ணி எவ்வளவு?" என்றுதான் கேட்டார். 18 வீதம். நாங்கள் அடுத்த பத்து வருசமும் பேசப்போவது அந்த 18 வீதத்தைப் பற்றித்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு திருப்பம் இருக்கிறது. கூடின ஓமோன் ஆண் ஓமோன். வளர்ச்சித்தட்டை மூடுவதும் அதுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1994இல் அமெரிக்காவில் ஒரு ஆணைப் பற்றிய அறிக்கை வந்தது. வயது 28. உயரம் 204 சென்ரிமீற்றர். தாடி, குரல், ஆண் ஓமோன் எல்லாம் சரி. ஆனால் எலும்பு வயது 15. இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இல்லாமல் இருந்தது ஒன்றுதான்: பெண் ஓமோன் என்று நாங்கள் சொல்லும் ஈஸ்ட்ரோஜனின் பேச்சைக் கேட்கிற ஏற்பி. ஆண் ஓமோன் நிறைய இருந்தும் தட்டு மூடவில்லை. ஆணானாலும் பெண்ணானாலும் தட்டை முதிரவைத்து மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான் என்று அதோடு தெளிவானது.

அபியின் அதிரீனலில் இருந்து ஓடிவரும் ஆண் ஓமோன் கொழுப்பிலும் எலும்பிலும் வேறு இழையங்களிலும் அரோமற்றேஸ் என்ற நொதியத்தால் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அது தட்டில் இரண்டு வேலை செய்கிறது. வளர்ச்சி ஓமோனையும் கூட்டிக்கொண்டு குருத்தெலும்புக் கலங்கள் பிரிவதை வேகப்படுத்துகிறது. அதனால் உயரம் கூடுகிறது. அதே நேரம் அந்தக் கலங்களைக் கிழடாக்குகிறது. ஒரு கலம் எத்தனை தடவை பிரியலாம் என்பதற்கு எல்லை உண்டு. எல்லை முடிந்தால் தட்டு எலும்பாகிவிடும். இதில் இரண்டாவது வேலை முதலாவதை விட வேகமாக நடப்பதுதான் பிரச்சினை. அபியின் உயரம் மூன்று வயது முந்தியிருந்தது, எலும்போ ஐந்து வயதுக்கு மேல் முந்தியிருந்தது. இரண்டும் சமமாக முந்தியிருந்தால் இழப்பில்லை. இடையில் உள்ள அந்த இரண்டரை வருசம்தான் அவன் ஏற்கனவே தொலைத்த உயரம்.

இன்னொன்றும் உண்டு. இந்த வளர்ச்சி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். கைக்குழந்தையின் தட்டு ஆண் ஓமோனை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆகவே அபியின் புத்தகத்தில் முதல் இரண்டு வருசப் புள்ளிகள் நடுக்கோட்டிலேயே அழகாகப் போகின்றன. மூன்றில் மெல்ல ஏறி, நாலில் மேல்கோட்டைத் தொட்டு, ஐந்தில் தாண்டி. கோடு ஒன்றிலேயே நேராகப் போகிற உயரமான பிள்ளை தாத்தாவைப் போல வருகிறான். கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறுகிற பிள்ளையைத்தான் சட்டை கழற்றிப் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்கு இதைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "தாத்தா சின்னனிலயே நெட்டைதான்" என்றார். அவருக்கு வித்தியாசம் பிடிபட்டுவிட்டது.

சரி, மருந்து. இல்லாத கோர்ட்டிசோலைக் கொடுத்தால் மூளை சமாதானமாகும், ஏ.சி.ரீ.எச். இறங்கும், ஆண் ஓமோன் குறையும். 1950இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் லோசன் வில்கின்ஸ் கோர்ட்டிசோனைக் கொடுத்து இதைக் காட்டினார். எழுபது வருசத்துக்கு மேலாகியும் அடிப்படை அதேதான். பிறகேன் ஒழுங்காக மருந்து எடுக்கிற பிள்ளைகளும் குள்ளமாக முடிகிறார்கள்? பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தவர்கள் சொல்கிற கணக்கு, வளர்ந்த பிறகு ஊரின் சராசரியை விடக் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் குறைவு என்பது. எல்லோரும் அப்படியல்ல, சிலர் பெற்றோரின் உயரத்தைத் தொடுகிறார்கள். ஆனால் சராசரி அதுதான்.

காரணம் மருந்திலேயே இருக்கிறது. உடம்பு தன் தேவைக்கு ஒரு நாளில் செய்யும் கோர்ட்டிசோல் உடம்பின் ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு 7 மில்லிகிராம் அளவு. ஆனால் மூர்க்கமாக ஓடும் ஏ.சி.ரீ.எச்.ஐ அடக்க, கோர்ட்டிசோலையே குளிசையாக்கிய ஹைட்ரோகோர்ட்டிசோன் 10 முதல் 15 வரை தேவைப்படுகிறது. அதாவது இயற்கையை விடக் கூடக் கொடுத்தால்தான் ஆண் ஓமோன் அடங்கும். கூடக் கொடுத்த கோர்ட்டிசோலோ வளர்ச்சித்தட்டை நேரடியாகவே மந்தப்படுத்தும். குறையக் கொடுத்தால் எலும்பு முந்திக் கிழடாகி உயரம் போகும். கூடக் கொடுத்தால் வளர்ச்சி மந்தமாகி உயரம் போகும். இடையில் ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். அதுவும் பிள்ளை வளர வளர நகர்ந்துகொண்டே இருக்கும்.

அபி 29 கிலோ. உடம்புப் பரப்பு ஒரு சதுர மீற்றரை மட்டுமட்டாகத் தாண்டும். நாளுக்கு 12.5 மில்லிகிராம் என்று தொடங்கினோம்: காலை 5, மத்தியானம் 2.5, படுக்கும்போது 5. கையில் இருப்பது 10 மில்லிகிராம் குளிசை. பாதியாக உடைக்கலாம், நடுவே கோடு இருக்கிறது. கால் என்பது சவர அலகும் தாயின் கையும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு கால் பெரிசு, ஒரு கால் தூள். அதனால் ஒரே குளிசையின் நாலு துண்டையும் முடித்த பிறகுதான் அடுத்ததை வெட்டச் சொன்னோம். ஒரு நாள் கூடினால் அடுத்த நாள் குறைந்து சரிவரும். உப்பு இழக்காத பிள்ளைதான் என்றாலும் உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகோர்ட்டிசோனும் சேர்த்தோம். உப்பு உடம்பில் நன்றாக நின்றால் ஏ.சி.ரீ.எச்.ஐத் தூண்டும் இன்னொரு கை இறங்கும். ஹைட்ரோகோர்ட்டிசோனைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம்.

தட்டுப்பாடு வந்தால் வருவது வேறு சிக்கல். 2022இல் மருந்துக்கு நாடே அல்லாடியபோது ஹைட்ரோகோர்ட்டிசோன் கிடைக்காமல் ஒரு கடையில் பிரெட்னிசொலோன் கொடுத்து அனுப்பிய பிள்ளை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். "அதே சாதிக் குளிசைதான், ஒருக்காக் குடுத்தாக் காணும்." உயிரைக் காப்பாற்றும், உண்மைதான். மருந்தில்லாமல் இருப்பதை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் அது நெடுநேரம் நிற்கிற, பலமான மருந்து. வளர்கிற பிள்ளையின் தட்டை ஹைட்ரோகோர்ட்டிசோனை விட மிகக் கடுமையாக அமுக்கும். அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் அதையே எடுத்திருந்தது. முகம் வட்டமாகி, கன்னம் சிவந்து, எல்லோரும் "தேறிட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்தால் நிறைக்கோடு ஏறுகிறது, உயரக்கோடு படுத்துக் கிடக்கிறது. கூடின மருந்தின் கையெழுத்து அது. இரண்டும் சேர்ந்து ஏறினால் மருந்து குறைவு அல்லது போடவில்லை. எந்த இரத்தப் பரிசோதனையையும் விட நான் நம்புவது இந்த இரண்டு கோட்டையும், வருசத்துக்கொரு எக்ஸ்ரேயையும்தான்.

இரத்தப் பரிசோதனையை ஏன் அப்படிச் சந்தேகிக்கிறேன் என்றால், நேரம். ஹைட்ரோகோர்ட்டிசோன் இரத்தத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். இரவு ஒன்பதுக்குப் போட்ட குளிசை விடியப்புறம் மூன்று மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் மூளை அடுத்த நாளுக்கான ஏ.சி.ரீ.எச்.ஐ அள்ளி விடத் தொடங்குகிறது. பிள்ளை நித்திரை, சுரப்பி உழைக்கிறது, ஆண் ஓமோன் ஏறுகிறது. விடியக் காலை குளிசை போடுவதற்கு முன் எடுத்த இரத்தத்தில் அது தெரியும். அபியின் முதல் இரண்டு அறிக்கைகளும் மிக நன்றாக வந்தன. ஆனால் பரு குறையவில்லை, வளர்ச்சி வேகமும் குறையவில்லை. தாயிடம் ஒரு நாளின் கதையை நேரம் நேரமாகச் சொல்லச் சொன்னேன்.

"அஞ்சரைக்குக் குளிசை குடுத்திட்டு முதல் பஸ்ஸில ஏறினா, வந்து நம்பர் எடுத்து இரத்தம் குத்தப் பத்து மணியாகும், டொக்டர்."

அவ்வளவுதான். குளிசை போட்டு நாலரை மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தம், மருந்து வேலை செய்துகொண்டிருந்த நேரத்தைக் காட்டியது. விடியப்புறக் கதையைக் காட்டவில்லை. காலை நேரக் குளிசையைப் பிந்தச் சொல்லி அவனைப் பட்டினியோடும் கோர்ட்டிசோல் இல்லாமலும் பஸ்ஸில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆகவே முதல் நாள் வார்டில் தங்கவைத்து, விடிய ஆறு மணிக்கு, குளிசைக்கு முன் எடுத்தோம். எதிர்பார்த்தபடியே பல மடங்கு. நாளின் மொத்த அளவைக் கூட்டவில்லை. இரவுக் குளிசையைப் படுக்கப் போகும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளி, காலைக் குளிசையை ஐந்து மணிக்கு முந்த வைத்தோம். தகப்பன் வயலுக்குப் போக எழும்புகிறவர். அந்தப் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். 17-ஹைட்ரொக்சி புரோஜெஸ்டரோனை முற்றாகச் சாதாரண அளவுக்கு இறக்க நாங்கள் முயலவே இல்லை. அதை இறக்குகிற அளவுக்கு மருந்து கொடுத்தால் பிள்ளை வளராது. கொஞ்சம் கூடவே இருக்கட்டும். ஆண் ஓமோன் வயதுக்குச் சரியாக இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்து ஆண் ஓமோன் அடங்கிய பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. அதுவும் எதிர்பார்த்த ஒன்றுதான். சில மாதங்களில் மணியை வைத்துப் பார்த்தபோது விதை 6 மில்லிலீற்றர். இந்தத் தடவை பருவம் உண்மையாகவே தொடங்கியிருந்தது. மூளையில் பருவத்தைத் தொடக்கும் பகுதியும் எலும்பைப் போலவே இத்தனை வருச ஓமோனில் ஊறி முதிர்ந்திருந்தது. அதிரீனலின் ஆண் ஓமோன் கூடியிருந்த வரை அதுவே மூளையை அமுக்கி வைத்திருந்தது. நாங்கள் மருந்து கொடுத்து அதை இறக்கியதும் அமுக்கம் எடுபட்டது; பதினொன்றரை வயது எலும்புள்ள உடம்பு, பதினொன்றரை வயதுப் பெடியன் செய்வதைச் செய்தது. ஆறே முக்கால் வயதில். பிந்தி மருந்து தொடங்கும் பிள்ளைகளில் இது அடிக்கடி நடக்கும். ஆகவே மருந்து தொடங்கிவிட்டோம் என்று ஆறுதல்பட்டு ஒரு வருசம் கழித்து வரச் சொல்லக்கூடாது.

இதற்கு மாதம் ஒரு ஊசி. ஜீ.என்.ஆர்.எச். வகை மருந்து; பிட்யூட்டரியை இடைவிடாமல் தட்டித் தட்டி மரத்துப்போகச் செய்துவிடும். விதை மறுபடி தூங்கும். இதை ஆரம்பிக்கும் முடிவை நாங்கள் எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கடிதம் போய், ஓமோன் நிபுணர் பார்த்து எடுத்தது. முதல் ஊசிக்குப் பிறகு ஓமோன் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும் என்று முன்கூட்டியே தாய்க்குச் சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் அந்த மாதமே நிறுத்தியிருப்பார்கள்.

இப்போது அபிக்கு எட்டு வயதும் கொஞ்சமும். உயரம் 141. இரண்டு வருசத்தில் 10 சென்ரிமீற்றர். முன்பு ஒரு வருசத்தில் வளர்ந்த அளவு. வகுப்பில் இன்னும் அவன்தான் உயரம், ஆனால் மற்றவர்கள் கிட்ட வந்துகொண்டிருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு இது பெருங்கவலை. "மருந்து குடுத்து வளர்த்தியை நிப்பாட்டிப் போட்டியள்" என்று என்னிடம் நேரிலேயே சொன்னார். எலும்பு வயது பன்னிரண்டரை. இரண்டு வருசத்தில் எலும்பு ஒரு வயதுதான் ஏறியிருக்கிறது. அந்த எலும்புக்கு 85, 86 வீதம் என்று வைத்துப் போட்டால் முழு உயரம் 164, 165 வருகிறது. 160இல் இருந்து ஏறியிருக்கிறது. வேகம் குறைந்ததால்தான் அந்த 5 சென்ரிமீற்றர் கிடைத்தது என்று அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தத் திரும்பவும் இரண்டு எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

170ஐத் தொடுவானா என்று தகப்பன் கேட்கிறார். தொடமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். இந்த வீதக் கணக்கு சுகமான பிள்ளைகளை வைத்துப் போட்டது. இந்த நோயில் கடைசிப் பருவ வளர்ச்சி எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே வரும், ஆகவே 165 என்பதிலும் ஓரிரண்டு சறுக்கலாம். வளர்ச்சி ஓமோன் ஊசி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அது விலையிலும் விவாதத்திலும் கூடியது. ஏ.சி.ரீ.எச்.ஐத் தூண்டும் கட்டளையைப் பிட்யூட்டரியிலேயே தடுக்கிற கிரினெசர்ஃபொன்ட் என்ற மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்கா நாலு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. ஏ.சி.ரீ.எச். வேறு வழியால் இறங்கினால் கோர்ட்டிசோலை உடம்பின் தேவையளவுக்குக் குறைக்கலாம், ஒற்றையடிப் பாதை கொஞ்சம் அகலும். அபியின் தட்டு மூடுவதற்குள் அது முத்தையன்கட்டுக்கு வந்துசேரும் என்று நான் கணக்குப் போடவில்லை.

இதற்கிடையில் ஒரு தங்கச்சி பிறந்தாள். தாய்க்கும் தகப்பனுக்கும் இந்த நொதியத்துக்கான மரபணுவில் பழுதான பிரதி ஒவ்வொன்று இருப்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு என்று முன்பே சொல்லியிருந்தோம். பிறந்த குழந்தையின் குதிக்காலில் எடுக்கிற இரத்தம் தைரொய்ட் குறைபாட்டைப் பார்க்கத்தான். இதைப் பார்க்க அல்ல. ஆகவே மூன்றாம் நாள் தனியாக இரத்தம் எடுத்து அனுப்பினோம். முதல் நாளில் எடுத்தால் சுகமான குழந்தைக்கும் கூடிக் காட்டும், அதனால் மூன்றாம் நாள். சாதாரணமாக வந்தது. அம்மம்மா அந்த அறிக்கையைத் தங்கச்சியின் பிங்க் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

அபியின் அடுத்த எக்ஸ்ரே தை மாதம். ஊசியை எப்போது நிறுத்துவது என்பதை அதைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பத்து, பதினொரு வயது வரையாவது இழுக்கலாம் என்பது நிபுணரின் எண்ணம். எலும்பு அதற்கிடையில் பதினாலைத் தொட்டால் முன்னதாகவே நிறுத்தலாம். அதுவரை தகப்பன் ஐந்து மணிக்கு எழுப்பிக் குளிசை கொடுப்பார், காய்ச்சல் 38.5க்கு மேல் போனால் அளவை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆக்குவார். சத்தி எடுத்துக் குளிசை நிற்காவிட்டால் ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசிக்கு உடனே கிட்டின ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்த ஊசி 50 மில்லிகிராம் என்று எழுதி ஒட்டிய அட்டை அபியின் பள்ளிப் பையிலும் ஒன்று கிடக்கிறது.